நிறுத்துவது எது?

1774-ஆம் ஆண்டு லண்டனில் சார்ல்ஸ் பிளாக்டன் என்ற மருத்துவர், நண்பர்கள் சிலருடன் ஒரு சூடேற்றிய அறைக்குள் நுழைந்தார். காற்றின் வெப்பம் படிப்படியாக ஏறி, கடைசியில் ஏறத்தாழ 127 டிகிரி செல்சியஸைத் தொட்டது. தண்ணீர் கொதிக்கும் சூட்டையும் தாண்டிய காற்று அது. உள்ளே வைத்த முட்டைகள் இருபது நிமிடத்தில் வெந்து கெட்டியாகிவிட்டன. மாட்டிறைச்சித் துண்டும் நன்றாக வெந்தது. பாதம் சுட்டுவிடாதபடி கூடையில் வைத்து ஒரு நாயையும் கொண்டுபோயிருந்தார்கள். நாயும் மனிதர்களும் உயிரோடு வெளியே வந்தார்கள். பிளாக்டனின் உடல் வெப்பமோ வழக்கமான அளவிலிருந்து பெரிதாக நகரவே இல்லை.

ஒரே அறை, ஒரே காற்று. இறைச்சி வெந்தது, மனிதர் வேகவில்லை. இதற்கு விடை தேடித் தண்ணீரையும் அவர்கள் சோதித்துப் பார்த்தார்கள். திறந்த பாத்திரத்தில் இருந்த தண்ணீர் அந்தச் சூட்டிலும் கொதிக்க மறுத்தது. அதன்மேல் கொஞ்சம் எண்ணெய் விட்டு ஆவி வெளியேறும் வழியை அடைத்ததும் கொதித்துவிட்டது. அதாவது ஆவியாகும் நீர் சூட்டையும் கையோடு எடுத்துக்கொண்டு போகிறது. வேர்வை செய்வதும் இதே வேலைதான். ஆனால் எப்போது வேர்க்க வேண்டும், எவ்வளவு வேர்க்க வேண்டும் என்று உத்தரவு போட ஒருவர் வேண்டும். செத்த இறைச்சிக்குள் அப்படி யாரும் இல்லை.

அந்த உத்தரவுக்குப் பெயர் வைக்க இன்னும் நூற்றைம்பது ஆண்டுகள் ஆயின. பிரான்சின் கிளாட் பெர்னார், செல்களைச் சுற்றியிருக்கும் நீர்மத்தை 'உட்சூழல்' என்று அழைத்து, வெளியே எது மாறினாலும் அது மாறாமல் இருப்பதே உயிரின் நிபந்தனை என்றார். அமெரிக்கரான வால்டர் கேனன் 1926-இல் அதற்கு 'ஹோமியோஸ்டாஸிஸ்' என்று பெயர் சூட்டினார். அவர் 'ஹோமோ' என்ற கிரேக்க முன்னொட்டை எடுக்காமல் 'ஹோமியோ' என்பதைத் தேர்ந்தெடுத்தது யோசித்துச் செய்தது. முன்னது 'அதே', பின்னது 'அதைப் போன்ற'. உடல் ஒரே எண்ணில் உறைந்து நிற்பதில்லை, அந்த எண்ணைச் சுற்றி ஆடிக்கொண்டிருக்கிறது. உடல் வெப்பம் விடியற்காலையில் கொஞ்சம் இறங்கியும் மாலையில் கொஞ்சம் ஏறியும் இருக்கும். கருமுட்டை வெளிப்பட்ட பிறகு பெண்களுக்கு அரை டிகிரிக்குச் சற்றுக் குறைவாக உயர்ந்து அடுத்த மாதவிடாய் நெருங்கும் வரை அப்படியே நிற்கும். 37 என்ற எண்ணை மனப்பாடம் செய்யும் முதலாண்டு மாணவர் இந்த ஆட்டத்தையும் சேர்த்தே படித்துக்கொள்வது நல்லது.

அந்த எண்ணுக்குத்தான் செட் பாயின்ட் என்று பெயர். உடல் எந்த அளவைச் 'சரி' என்று வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் ஒப்பிடுகிறதோ, அந்த அளவு. அது என்ன என்பது பாடப்புத்தகத்தைவிடக் காய்ச்சல் வந்த வீட்டில் நன்றாக விளங்கும்.

ராத்திரி எட்டு மணி. பிள்ளையின் நெற்றியில் கை வைத்தால் சுடுகிறது. பிள்ளையோ "குளுருது பாட்டி" என்று முனகுகிறது. பல் கிட்டிக்கிறது. பாட்டி இரண்டாவது போர்வையையும் எடுத்துப் போர்த்துகிறாள். தொட்டால் சுடுகிற உடம்புக்கு ஏன் குளிர வேண்டும்? கிருமியை எதிர்க்கும் வெள்ளணுக்கள் விடும் செய்தி மூளைக்குப் போகிறது. மூளையின் அடியில் இருக்கும் ஹைபோதாலமஸில் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் சுரந்து, செட் பாயின்ட்டை 37-இலிருந்து 39-க்கு ஏற்றிவிடுகிறது. அந்த நேரத்தில் பிள்ளையின் உடல் 37.8 என்று வைத்துக்கொள்வோம். தெர்மாமீட்டருக்கு அது காய்ச்சல். ஹைபோதாலமஸுக்கோ 1.2 டிகிரி பற்றாக்குறை. பற்றாக்குறை என்றால் குளிர்தானே? தோலின் ரத்தக் குழாய்கள் சுருங்கிக் கைகால் சில்லிடுகின்றன, தசைகள் நடுங்கிச் சூட்டைக் கிளப்புகின்றன. 39-ஐத் தொட்டதும் நடுக்கம் நின்றுவிடும். பாராசிட்டமால் கொடுத்தால் புரோஸ்டாகிளாண்டின் குறைந்து செட் பாயின்ட் மறுபடி 37-க்கு இறங்குகிறது. இப்போது 39 அதிகப்படி. குபீரென்று வேர்க்கிறது. "வேர்த்துடுச்சு, இனிக் காய்ச்சல் விட்டுரும்" என்று பாட்டி சொல்வது உடலியங்கியலின்படி மிகச் சரி.

இதையே வெயில் தாக்கிய ஒருவரோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். மே மாதத்து மத்தியானத்தில் கட்டடக் கூரையில் வேலை பார்த்த ஆள் மயங்கிச் சரிகிறார். உடல் வெப்பம் 41. பேச்சு குழறுகிறது. இங்கே செட் பாயின்ட் நகரவே இல்லை, 37-லேயே இருக்கிறது. சூட்டை வெளியேற்றும் வழிதான் தோற்றுப்போயிருக்கிறது. செட் பாயின்ட்டை இறக்கும் மாத்திரைக்கு இங்கே வேலையே கிடையாது. உடம்பை நனைத்து விசிறிக் குளிரவைத்தால்தான் உயிர் பிழைக்கும். தெர்மாமீட்டர் இருவருக்கும் ஒரே மாதிரி எண்ணைக் காட்டலாம். ஆனால் ஒருவருக்குக் குறி மாறியிருக்கிறது, மற்றவருக்குக் குறியை எட்டும் வழி அடைபட்டிருக்கிறது.

இரண்டு இடத்திலும் உடல் கையாளும் உத்தி ஒன்றேதான். ஏறினால் இறக்கு, இறங்கினால் ஏற்று. மாடித் தொட்டியில் மிதவை வால்வு செய்வது போல. தண்ணீர் உயர்ந்தால் மிதவை உயர்ந்து குழாயை அடைக்கும், தண்ணீர் இறங்கினால் மிதவை இறங்கித் திறந்துவிடும். இதுதான் எதிர்மறைப் பின்னூட்டம். 'எதிர்மறை' என்றதும் ஏதோ கெட்டது என்று முதல் வாரத்தில் பாதி வகுப்பு எழுதிவைத்துக்கொள்ளும். பெயர் அப்படி அமைந்துவிட்டது. மாற்றத்தின் திசைக்கு எதிர்த் திசையில் விடை வருகிறது என்பது மட்டுமே அதன் பொருள். உடலில் ஒரு மனிதரை உயிரோடு வைத்திருக்கும் வேலைகளில் பெரும்பாலானவை எதிர்மறைதான்.

அப்படியானால் நேர்மறை? மாற்றம் எந்தத் திசையில் போகிறதோ, அதே திசையில் இன்னும் தள்ளுவது. ஏறினால் இன்னும் ஏற்று. இது கேட்கவே ஆபத்தாக இருக்கிறது, உண்மையிலேயே ஆபத்துதான். அதனால் நேர்மறைப் பின்னூட்டம் ஒன்றைப் பார்த்ததும் மாணவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, 'இதை நிறுத்துவது எது?' என்பது. இந்தக் கேள்வியைக் கேட்க மிக நல்ல இடம் பிரசவ அறை.

பிரசவம் பழைய நிலைக்குத் திரும்பும் காரியம் இல்லை. உள்ளே இருக்கும் குழந்தை வெளியே வந்தாக வேண்டும். ஏறினால் இறக்கும் ஏற்பாடு இருந்தால் ஒவ்வொரு வலியும் தன்னைத்தானே அணைத்துக்கொண்டு, குழந்தை இருந்த இடத்திலேயே இருந்திருக்கும். நடப்பது வேறு. குழந்தையின் தலை கர்ப்பப்பை வாயை அழுத்தி விரிக்கிறது. விரிந்த செய்தி நரம்பு வழியே தண்டுவடம் ஏறி ஹைபோதாலமஸைச் சேர்கிறது. பிட்யூட்டரியின் பின்பகுதி ஆக்ஸிடோசினை ரத்தத்தில் விடுகிறது. அது கர்ப்பப்பைத் தசையை இறுக்குகிறது. இறுகிய தசை தலையை இன்னும் கீழே தள்ளுகிறது. வாய் இன்னும் விரிகிறது. வளையம் ஒரு சுற்று முடிந்து, முன்னைவிடப் பலமாக அடுத்த சுற்றைத் தொடங்குகிறது. 1941-இல் முயல்களில் இதை ஆராய்ந்த ஃபெர்குசனின் பெயரால் இதை ஃபெர்குசன் அனிச்சை என்கிறார்கள்.

இந்த வளையம் மூடுகிறதா இல்லையா என்பதை அனுபவப்பட்ட செவிலியர்கள் தினமும் கணக்குப் பார்க்கிறார்கள். அவர்கள் 'பொய் வலி' என்று சொல்வது, வயிறு இறுகியும் கர்ப்பப்பை வாய் விரியாத வலியை. இறுக்கம் இருக்கிறது, ஆனால் அது அடுத்த இறுக்கத்தைக் கூட்டிக்கொண்டு வரவில்லை. கொஞ்சம் நடந்தாலோ படுத்தாலோ அடங்கிவிடும். மெய்யான வலியில் இடைவெளி சுருங்கிக்கொண்டே வரும். முதலில் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை வந்தது, பிறகு பத்து நிமிடத்துக்குள் மூன்று நான்கு முறை வரும். ஒவ்வொன்றும் நாற்பது நொடிக்கு மேல் நீளும். வாய் பத்து சென்டிமீட்டர் வரை திறக்கும்.

பாடப்புத்தகத்தின் வட்டப் படம் இதோடு நின்றுவிடுகிறது. ஆனால் தண்டுவடம் அடிபட்டு நரம்புச் செய்தி மூளைக்குப் போகாத பெண்களுக்கும் வலி வந்து பிரசவம் நடக்கிறது. அப்படியென்றால் மூளை வழியே போகும் வளையம் மட்டும் வேலை செய்யவில்லை. மாதம் நெருங்கும்போது கர்ப்பப்பைத் தசையில் ஆக்ஸிடோசினைப் பிடிக்கும் ஏற்பிகள் பலமடங்கு பெருகுகின்றன. அதனால் முன்பு பொருட்படுத்தாத அளவுக்கே தசை இப்போது எழும்புகிறது. இழுபட்ட கர்ப்பப்பையும் பனிக்குடச் சவ்வும் தாங்களாகவே புரோஸ்டாகிளாண்டினைச் சுரந்து தசையை இன்னும் இறுக்குகின்றன. காய்ச்சலில் செட் பாயின்ட்டை ஏற்றிய அதே குடும்பத்துப் பொருள், இங்கே வேறு வேலை பார்க்கிறது. ஒரு பெரிய வளையத்துக்குள் சின்னச் சின்ன வளையங்கள் சுற்றுகின்றன என்று வைத்துக்கொண்டால் உண்மைக்குப் பக்கத்தில் இருக்கும்.

நிறுத்துவது எது? குழந்தை பிறப்பதுதான். தலையும் உடலும் வெளியே வந்துவிட்டால் வாயை அழுத்த எதுவும் இல்லை. செய்தி அறுந்துபோகிறது. ரத்தத்தில் ஏற்கெனவே இருக்கும் ஆக்ஸிடோசின் சில நிமிடங்களிலேயே பாதியாகக் குறையும் ரகம். வளையத்தை ஓட்டிய வேலை முடிந்ததும் வளையம் தானே அவிழ்ந்துவிடுகிறது.

வலி வர டிரிப்ஸ் போடும்போது இந்த இயற்கை ஏற்பாடு மாறிவிடுகிறது. பாட்டிலில் இருந்து சொட்டும் ஆக்ஸிடோசினுக்குக் கர்ப்பப்பையின் நிலைமை தெரியாது. சொட்டு கூடினால் பத்து நிமிடத்தில் ஐந்து முறைக்கு மேல் இறுக்கம் வரலாம். இரண்டு இறுக்கத்துக்கு நடுவில்தான் நஞ்சுக்கொடிக்குள் ரத்தம் தடையில்லாமல் பாய்கிறது. அந்த நடுவெளி குறைந்தால் குழந்தையின் இதயத் துடிப்பு விழத் தொடங்கும். அதனால் தாயின் வயிற்றில் கை வைத்து, கடிகாரத்தைப் பார்த்து, இறுக்கங்களை எண்ணிச் சொட்டைக் குறைக்கும் செவிலியர் அங்கே நிற்கிறார். உடலுக்குள் இல்லாமல் போன எதிர்மறைப் பின்னூட்டத்தை அவருடைய கை செய்கிறது.

குழந்தை வந்தாயிற்று, நஞ்சும் விழுந்தாயிற்று. இனிமேல்தான் இரண்டாவது வளையத்துக்கு வேலை. நிறைமாதத்தில் கர்ப்பப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டர் வரையோ அதற்கு மேலோ ரத்தம் பாய்கிறது. நஞ்சுக்கொடி பிரிந்த இடத்தில் அந்தக் குழாய்கள் வாய் பிளந்து நிற்கின்றன. முதல் காப்பு தசைதான். குறுக்கும் நெடுக்குமாக ஓடும் கர்ப்பப்பைத் தசை இறுகி, தன் ஊடாகப் போகும் குழாய்களை நெரித்துவிடுகிறது. பிரசவித்த உடனே பத்து யூனிட் ஆக்ஸிடோசின் ஊசி போடுவதும், தொப்புளுக்குக் கீழே அழுத்திக் கர்ப்பப்பை கெட்டியாக இருக்கிறதா, தொளதொளவென்று இருக்கிறதா என்று பார்ப்பதும் அதனால்தான். ஆனால் நெரித்த குழாயை நிரந்தரமாக அடைக்க ரத்தம் உறைய வேண்டும்.

உறைதலும் நேர்மறைப் பின்னூட்டம்தான், பிரசவத்தைவிட வேகமானது. குழாயின் உட்சுவர் கிழிந்ததும் அடியில் இருக்கும் கொலாஜன் இழை வெளிப்படுகிறது. தட்டணுக்கள் அதில் ஒட்டுகின்றன. ஒட்டிய தட்டணு சும்மா இருப்பதில்லை, தன் பையைத் திறந்து வேதிப்பொருள்களைக் கொட்டி, கூட ஓடும் தட்டணுக்களை அழைக்கிறது. வந்தவையும் கொட்டுகின்றன. கூட்டம் கூட்டத்தைக் கூட்டுகிறது. ஆஸ்பிரின் இந்த அழைப்புக் குரல்களில் ஒன்றை அடைத்துவிடும். தட்டணுவால் அதைச் சரிசெய்துகொள்ள முடியாது என்பதால், அது வாழும் ஒரு வாரம் பத்து நாளுக்கும் அந்த வாய் மூடியேதான் இருக்கும்.

தட்டணுக் குவியல் ஒரு தற்காலிக அடைப்பு. அதைச் சிமென்ட் போட்டுப் பூச திராம்பின் வேண்டும். கிழிந்த திசுவின் தூண்டலால் முதலில் துளி திராம்பின் உண்டாகிறது. இந்தத் துளி திராம்பின், ரத்தத்தில் தூங்கிக்கொண்டிருக்கும் ஐந்தாம் காரணியையும் எட்டாம் காரணியையும் எழுப்புகிறது. எழுந்த அவை இன்னும் திராம்பினை உண்டாக்க உதவுகின்றன. அந்தத் திராம்பின் மேலும் காரணிகளை எழுப்புகிறது. கொஞ்ச நேரத்தில் திராம்பின் வெள்ளமாகிறது. அது கரைந்திருந்த ஃபைப்ரினோஜனை ஃபைப்ரின் நூலாக மாற்றி வலை பின்னுகிறது. ஹீமோஃபிலியா ஏ நோயாளிக்கு எட்டாம் காரணி இல்லை அல்லது குறைவு. துளி திராம்பின் அவருக்கும் உண்டு, தட்டணுக்களும் ஒட்டும். அதனால் சின்னக் கீறலில் ரத்தம் நின்றதுபோலத் தோன்றும். துளியை வெள்ளமாக்கும் சுற்று மட்டும் ஓடாது. பல் பிடுங்கிய இடத்தில் பல மணி நேரம் கழித்து மறுபடி ரத்தம் வரும், முட்டி மூட்டுக்குள் கசிந்து வீங்கும்.

இதை நிறுத்துவது எது? பிரசவத்தில் ஒரே ஒரு நிகழ்ச்சி நிறுத்தியது. இங்கே அப்படி ஒன்று இல்லை, இருக்கவும் கூடாது. ஒரு கீறலில் தொடங்கிய வளையம் பக்கத்துக் குழாய்க்குப் பரவினால் உயிரே போய்விடும். அதனால் தடுப்புகள் பல. ஓடும் ரத்தம் தப்பி வந்த திராம்பினைக் கழுவி அடித்துக்கொண்டு போகிறது. ஆன்டிதிராம்பின் என்ற புரதம் அதைப் பிடித்து முடக்குகிறது. எல்லாவற்றையும்விட அழகான தடுப்பு, கிழியாத குழாய்ச் சுவரில் இருக்கிறது. அங்கே திராம்போமோடுலின் என்ற மூலக்கூறு காத்திருக்கிறது. திராம்பின் அதில் சிக்கியதும் அதன் குணமே மாறிவிடுகிறது. உறையவைக்கும் வேலையை விட்டுவிட்டு, புரோட்டீன் சி என்ற இன்னொன்றை எழுப்புகிறது. அது ஐந்தாம், எட்டாம் காரணிகளை வெட்டிப் போடுகிறது. காயத்தில் முடுக்கியாக இருந்த அதே திராம்பின், காயத்தின் எல்லையைத் தாண்டியதும் பிரேக் ஆகிவிடுகிறது. எங்கே நிற்க வேண்டும் என்பதை இடமே முடிவு செய்கிறது. 1994-இல் நெதர்லாந்தின் லைடன் நகரத்தில், புரோட்டீன் சி எளிதில் வெட்ட முடியாதபடி உருமாறிய ஐந்தாம் காரணி ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். அது உள்ளவர்களுக்குக் கால் சிரைகளில் ரத்தம் கட்டும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம்.

இந்த வளையத்தைக் காயமே இல்லாத இடத்தில், உடலெங்கும் ஒரே நேரத்தில் முடுக்கிவிட்டால் என்ன ஆகும்? தமிழ்நாட்டு வயற்காட்டில் அதைச் செய்யும் ஒன்று இருக்கிறது, கண்ணாடி விரியன். அதன் நஞ்சில் பத்தாம் காரணியை நேரடியாக எழுப்பும் நொதி ஒன்றும், ஐந்தாம் காரணியை எழுப்பும் நொதி ஒன்றும் இருக்கின்றன. கிழிந்த திசுவுக்கோ, ஒட்டிய தட்டணுவுக்கோ அது காத்திருப்பதில்லை. ஓடும் ரத்தத்திலேயே வளையம் சுற்றத் தொடங்கிவிடுகிறது. உடலே உறைந்து கட்டியாகிவிடும் என்று மாணவர்கள் நினைப்பார்கள். நேர் எதிராக நடக்கிறது. இருக்கிற ஃபைப்ரினோஜனும் காரணிகளும் தேவையில்லாத இடத்திலெல்லாம் செலவாகித் தீர்ந்துபோகின்றன. ஈறில் ரத்தம் கசியும், ஊசி குத்திய இடத்தில் நிற்காது, சிறுநீர் சிவக்கும். நேர்மறைப் பின்னூட்டம் நிற்பதற்கு இப்படியும் ஒரு வழி உண்டு. எரிபொருள் தீர்ந்தால் தீ அணைந்துவிடும்.

கடித்தது விரியன்தானா, நஞ்சு ஏறியிருக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஒரு சோதனை போதும். இரண்டு மில்லி ரத்தத்தை எடுத்துச் சுத்தமான, உலர்ந்த, புதிய கண்ணாடிக் குழாயில் விடுகிறார்கள். பிளாஸ்டிக் குழாய் கூடாது, சோப்புத் தூள் போட்டுக் கழுவிய குழாயும் கூடாது. கண்ணாடிப் பரப்பு தொட்டால்தான் ரத்தம் உறையத் தூண்டப்படும். பிளாஸ்டிக்கில் நல்ல ரத்தமும் உறையாமல் இருந்து ஏமாற்றும். சுவரில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, குழாயை அசைக்காமல் இருபது நிமிடம் நிறுத்திவைக்கிறார்கள். பிறகு ஒரே ஒரு முறை சாய்த்துப் பார்க்கிறார்கள். கட்டியாக அடியில் ஒட்டியிருந்தால் அப்போதைக்குக் கவலை இல்லை. தண்ணீராக வழிந்தால் நஞ்சு வேலை செய்கிறது. நல்ல பாம்போ கட்டு விரியனோ கடித்திருந்தால் ரத்தம் பொதுவாக உறைந்துவிடும், அங்கே இமை தொங்குவதையும் மூச்சுத் திணறுவதையும் பார்க்க வேண்டும்.

வழிந்தால் நஞ்சுமுறி ஏற்றுகிறார்கள். அதைத் தயாரிக்கத் தேவையான நஞ்சை எடுத்துக் கொடுப்பவர்களில் மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில் இயங்கும் இருளர் பாம்புப் பிடிப்போர் கூட்டுறவுச் சங்கமும் உண்டு. நஞ்சுமுறி ரத்தத்தில் இருக்கும் நஞ்சை முடக்குமே தவிர, தீர்ந்துபோன காரணிகளைக் கொண்டுவந்து போடாது. அவற்றைக் கல்லீரல்தான் புதிதாகச் செய்ய வேண்டும். அதற்குச் சுமார் ஆறு மணி நேரம் பிடிக்கும் என்பதால், ஆறு மணி நேரம் கழித்து இன்னொரு புதிய குழாயில் இன்னும் இரண்டு மில்லி விட்டு, மறுபடி இருபது நிமிடம் காத்திருக்கிறார்கள். சாய்த்தால் வழியாமல் இருந்தால், கல்லீரல் கணக்கை நேர் செய்துவிட்டது. வழிந்தால் இன்னும் மருந்து ஏற்ற வேண்டும்.